பச்சை பட்டனை விட்டதும் ட்ரிப்: இரண்டு கண்டென்சரைச் சேர்க்கும்போது வரும் பழுதுகள்

காவேரிப்பட்டினத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சித்திரை வெயில் ஏறி, மாந்தோப்புக்காரர்கள் போர் தண்ணீரை நம்பி இருக்கும் நாட்களில் எனக்கு வரும் போன்களில் பாதி மோட்டாரைப் பற்றியே இருக்காது, பேனல் பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சரைப் பற்றித்தான் இருக்கும். புத்தகத்தில் மின்தேக்கி என்பார்கள். நம் ஊரில் எல்லோருக்கும் கண்டென்சர்தான். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். புத்தகத்தின் தொடரிணைப்பு கடையில் சீரிஸ், பக்க இணைப்பு பேரலல்.

இங்கே சொல்லப்போவது சிங்கிள் பேஸ் போர்வெல் மோட்டார் பேனல் பற்றி மட்டும். ஒரு கண்டென்சர் போய்விட்டது, அதே அளவு கையில் இல்லை, இருக்கும் இரண்டைச் சேர்த்துப் போடுகிறோம் என்ற இடத்தில்தான் இந்தப் பழுதுகள் எல்லாம் பிறக்கின்றன.

முதலில் ஒரு வேலை. மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகும் கண்டென்சரைத் தொடாதீர்கள். மின்சாரம் நின்ற பிறகும் அதற்குள் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை இன்சுலேஷன் உள்ள கொறடில் பிடித்து, இரண்டு முனைக்கும் குறுக்கே பத்து வினாடி வையுங்கள். பிறகு மீட்டரில் வோல்ட் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அது கண்டென்சருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. சீரிஸில் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்க வேண்டும். இரண்டில் ஒன்று வேகமாகக் கசிந்திருந்தால், வெளி முனைகளை மட்டும் சேர்த்தபின் மீட்டர் பூஜ்யம் காட்டும். உள்ளே ஒன்றில் பிளஸ்ஸும் மற்றதில் அதே அளவு மைனஸுமாக வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

பழுது 1: பச்சை பட்டனை அழுத்தினால் ஓடுகிறது, விட்டதும் ஆம்பியர் ஏறி ட்ரிப் ஆகிறது

பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். வீட்டு போர், ஒரு குதிரைத்திறன் மோட்டார். பேனல் மூடியில் ரன் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்றும் ஸ்டார்ட் கண்டென்சர் 120 என்றும் எழுதியிருக்கிறது. ரன் கண்டென்சர் உப்பிப் போய்விட்டது. பழைய பெட்டியில் 25 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் இரண்டு கிடந்தன. எடுத்துப் போட்டிருக்கிறார்.

"அண்ணா, இருபத்தஞ்சும் இருபத்தஞ்சும் அம்பதுதானே? பட்டனைப் பிடிச்சிருக்கும்போது ஓடுது. கையை எடுத்தா ஆம்பியர் எட்டுலேருந்து பன்னெண்டுக்குப் போய் விழுந்துடுது. மோட்டார் காயில் போயிருச்சா?"

"காயிலை விடு தம்பி. ரெண்டையும் எப்படிக் கோத்திருக்கே?"

"ஒன்னோட வாலை இன்னொன்னோட தலையில கட்டி, மிச்ச ரெண்டு முனையைப் பேனல் வயர்ல கொடுத்திருக்கேன்."

அங்கேதான் சிக்கல். அப்படிக் கட்டியது சீரிஸ். அவர் பேனலில் இருந்தது 50 இல்லை, 12.5 மைக்ரோஃபாரட். வேண்டியதில் கால் பங்கு.

அப்படியானால் பட்டனைப் பிடித்திருக்கும்போது எப்படி ஓடியது? பச்சை பட்டனைப் பிடித்திருக்கும் வரை ஸ்டார்ட் கண்டென்சர் ரன் கண்டென்சருடன் பேரலலாகச் சேர்ந்திருக்கும். பேரலலில் நேராகக் கூட்டிக்கொள்ளலாம். சரியான பேனலில் 120 உடன் 50 சேர்ந்து 170. தம்பியின் பேனலில் 120 உடன் 12.5 சேர்ந்து 132.5. மோட்டாரைக் கிளப்ப அது போதும். பட்டனை விட்டதும் 120 விலகிவிடுகிறது, 12.5 மட்டும் மிச்சம். கண்டென்சர் வழியாகத் துணைக் காயிலுக்குப் போகும் கரண்ட் சுருங்கி, பாரம் முழுக்க மெயின் காயில் தலையில் விழுகிறது. மோட்டார் திணறுகிறது, ஆம்பியர் ஏறுகிறது, ஓவர்லோடு தன் வேலையைச் செய்கிறது. "பிடித்தால் ஓடும், விட்டால் விழும்" என்றால் காயிலைச் சந்தேகப்படும் முன் ரன் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். பட்டனைப் பிடித்தாலும் உறுமிவிட்டு நின்றால், ஸ்டார்ட் கண்டென்சர் பக்கம் போங்கள்.

தம்பி விடவில்லை. "பன்னெண்டாவதுல படிச்சேண்ணா. மின்தடையைத் தொடரா வச்சா கூடும்னுதானே இருக்கு?" அது மின்தடைக்கு. கண்டென்சருக்கு ஏன் தலைகீழ் என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

கண்டென்சர் என்பது இரண்டு தகடு, நடுவில் மின்சாரம் கடக்காத ஒரு மெல்லிய படலம். இரண்டு கண்டென்சரைச் சீரிஸில் கட்டினால் மொத்தம் நாலு தகடு. வெளியே இருக்கும் இரண்டுக்கு மட்டும்தான் பேனல் வயரோடு தொடர்பு. நடுவில் இருக்கும் இரண்டு தகடும், அவற்றைச் சேர்க்கும் வயரும் இரண்டு பக்கமும் படலத்தால் அடைபட்டு ஒரு தீவு போல நிற்கின்றன. அந்தத் தீவுக்குள் வெளியிலிருந்து மின்னூட்டம் வர முடியாது, உள்ளே இருப்பது வெளியே போகவும் முடியாது. முதல் தகடு பிளஸ் ஆகும்போது எதிரே இருக்கும் தகடு அதே அளவு மைனஸ் ஆகிறது. அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது? தீவின் மறுமுனையில் இருக்கும் தகட்டிலிருந்துதான் நகர்ந்து வந்தது. ஆகவே இரண்டு கண்டென்சரிலும் மின்னூட்டம் ஒரே அளவு. ஆனால் பேனல் வயர் வழியாக வந்தது ஒரு பங்கு மட்டுமே. உள்ளே நடந்தது வெறும் இடமாற்றம்.

கணக்காகப் பார்ப்போம். அந்த மோட்டார் ஓடும்போது ரன் கண்டென்சருக்குக் குறுக்கே சுமார் 300 வோல்ட் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனில் 230 தான் என்றாலும் கண்டென்சருக்குக் குறுக்கே அதைவிட அதிகமாகவே வரும், 440 வோல்ட் பீஸ் கேட்பது அதனால்தான். ஒரு 25 மைக்ரோஃபாரட் தனியாக அந்த 300 வோல்ட்டைச் சந்தித்தால் 25 × 300, அதாவது 7500 மைக்ரோகூலும் வாங்கிக்கொள்ளும். சீரிஸில் இரண்டு நின்றால் வோல்ட்டைப் பங்கு போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 150 தான். 25 × 150 என்றால் 3750. லைன் கொடுத்ததும் அந்த 3750 மட்டுமே. 300 வோல்ட்டுக்கு 3750 வாங்குகிற பொருள் எத்தனை மைக்ரோஃபாரட்? 12.5. இரண்டு கண்டென்சர் போட்டும் ஒன்றுக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது.

பேரலலில் இந்தத் தீவு கிடையாது. இரண்டும் நேராக லைனைப் பார்க்கின்றன, இரண்டுக்கும் முழு 300 வோல்ட், ஒவ்வொன்றும் 7500 வாங்குகிறது. தகட்டின் பரப்பை இரண்டு மடங்காக்கியது போல. சீரிஸோ, தகட்டுக்கு நடுவே இருக்கும் படலத்தை இரண்டு மடங்கு தடிமனாக்கியது போல.

```
பேரலல்:  C = C1 + C2
சீரிஸ்:   C = (C1 × C2) / (C1 + C2)
```

அப்புறம் அந்த "தலைகீழ்" விஷயம். என்னைக் கேட்டால் தலைகீழ் என்று ஒன்று கிடையாது. ஓம் என்பது எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண். மைக்ரோஃபாரட் என்பது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று சொல்லும் எண். ஒரு பொருளுக்கு அதன் குறையை எழுதி ஒட்டியிருக்கிறோம், இன்னொன்றுக்கு அதன் தாராளத்தை எழுதி ஒட்டியிருக்கிறோம். இரண்டையும் ஒரே மாதிரி கூட்டினால் ஒன்றில் தப்பு வரத்தான் செய்யும். கண்டென்சர் எண்ணையும் தடையாக மாற்றிப் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் 3183 ஐ மைக்ரோஃபாரட்டால் வகுத்தால் ஓம் கிடைக்கும். பத்து லட்சத்தை 2π × 50 ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 3183.

25 மைக்ரோஃபாரட் என்றால் 127.3 ஓம். சீரிஸில் இரண்டு, மின்தடை மாதிரியே கூட்டுங்கள்: 254.6 ஓம். திருப்பி 3183 ஐ அதனால் வகுத்தால் 12.5 மைக்ரோஃபாரட். பேரலலில் இரண்டு 127.3 ஓம், மின்தடை மாதிரியே பாதி: 63.7 ஓம். திருப்பினால் 50. மின்தடைக்குப் படித்த விதியே இங்கும் ஓடுகிறது, இடையில் எண்ணைத் திருப்பிப் போட்டோம், அவ்வளவுதான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இரண்டு கண்டென்சரிலிருந்தும் ஒவ்வொரு முனையை எடுத்து ஒன்றாகப் பேனலின் ஒரு வயரில், மிச்ச இரண்டு முனைகளை ஒன்றாக மற்ற வயரில். இது ஏசி கண்டென்சர், பிளஸ் மைனஸ் கிடையாது, எந்த முனையை எதோடு சேர்த்தாலும் சரிதான். மாட்டும் முன் மீட்டரை கண்டென்சர் அளவில் வைத்துச் சேர்த்த இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். நல்ல பீஸ் என்றால் 47.5 க்கும் 52.5 க்கும் நடுவில் இருக்கும், ஐந்து சதவீதம் அப்படி இப்படி. தம்பி மாற்றிக் கட்டியதும் ஆம்பியர் எட்டில் நின்றது.

கூட்டினால் நல்லதுதானே என்று இன்னொரு 25 சேர்த்து 75 ஆக்குகிறவர்களும் உண்டு. லோ வோல்டேஜில் மோட்டார் சுலபமாகக் கிளம்பும் என்று அதைத் தூக்கிப் பேசுவார்கள். துணைக் காயிலுக்கு அதிகக் கரண்ட் போய், 600 அடி ஆழத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் வெந்துகொண்டிருக்கும். மூடியில் எழுதிய எண்ணைத் தாண்டாதீர்கள்.

பழுது 2: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்ச நாளாகத் தண்ணீர் குறைவு, ஆம்பியர் அதிகம்

பேரலல் ஜோடி போட்ட பேனலில் இது வந்தால், போரில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டும் முன் கிளாம்ப் மீட்டரை எடுங்கள். ஓடும்போது ஒவ்வொரு கண்டென்சரின் வயரையும் தனித்தனியாகச் சுற்றிப் பாருங்கள். கம்பியை உரிக்க வேண்டாம், எதையும் தொட வேண்டாம். 25 மைக்ரோஃபாரட் ஒவ்வொன்றிலும், 300 வோல்ட்டுக்கு, 300 ஐ 127.3 ஆல் வகுத்தால் வரும் 2.4 ஆம்பியர் காட்ட வேண்டும். ஒன்றில் 2.3, மற்றதில் பூஜ்யம் என்றால் லக் கழன்றிருக்கிறது, அல்லது உள்ளே அறுந்திருக்கிறது. ஒன்றில் 2.4, இன்னொன்றில் 1.7 என்றால் அந்த இரண்டாவது சத்திழந்துவிட்டது. தோராயமாக 18 மைக்ரோஃபாரட்டுக்கு இறங்கியிருக்கும்.

பேரலலில் வோல்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, கரண்ட் பிரிகிறது. அதனால் கிளாம்ப் மீட்டர் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். சீரிஸில் அப்படி இல்லை. எந்த இடத்தில் சுற்றினாலும் ஒரே கரண்ட்தான், நல்லதும் கெட்டதும் ஒரே எண்ணைக் காட்டும். அங்கே ஒவ்வொன்றுக்கும் குறுக்கே வோல்ட் அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். எது கூட வோல்ட் காட்டுகிறதோ அதுதான் சிறியது, அல்லது தேய்ந்தது.

நீங்கள் திறக்கும் பேனலை வேறொருவர் கட்டியிருந்து, சீரிஸா பேரலலா என்று வயரைப் பார்த்துப் புரியவில்லை என்றாலும் இதையே பயன்படுத்தலாம். இரண்டு கண்டென்சர் வயரிலும் தனித்தனியே அளந்த ஆம்பியரைக் கூட்டுங்கள். பேனலுக்குப் போகும் பொது வயரின் ஆம்பியர் அந்தக் கூட்டுத்தொகை என்றால் பேரலல். மூன்று இடத்திலும் ஒரே எண் என்றால் சீரிஸ்.

பழுது 3: மீட்டரில் அளவு ஓரளவு வருகிறது, பத்து நிமிடத்தில் வெடிக்கிறது

அதே தம்பி, ஐப்பசியில் மறுபடியும் வந்தார். இரண்டு 25 இல் ஒன்று போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்: "ஸ்டார்ட் கண்டென்சர் 100 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ரெண்டு இருக்கு. சீரிஸ்ல போட்டா 50 ஆயிடும், வோல்ட்டும் 550 தாங்கும்." கணக்கு தப்பில்லை. முதல் பழுதில் நான் சொன்னதை அவர் நன்றாகப் புரிந்துகொண்டார் என்றே சொல்லலாம். போட்ட பத்தாவது நிமிடம் ஒன்று மூடியைத் தள்ளிக்கொண்டு வெடித்து, பேனல் முழுக்க ஈரக் காகிதமும் எண்ணெய்ப் பிசுக்கும்.

ஸ்டார்ட் கண்டென்சரும் ரன் கண்டென்சரும் மைக்ரோஃபாரட்டில் ஒன்றாக இருந்தாலும் ஒரே சரக்கு இல்லை. ரன் கண்டென்சர் பிளாஸ்டிக் படலத்தால் ஆனது, நாள் முழுக்க ஓடினாலும் அதற்குள் வெப்பம் அற்பம். ஸ்டார்ட் கண்டென்சர் எலக்ட்ரோலைட் வகை. சின்ன டப்பாவுக்குள் பெரிய அளவு அடைக்க முடிவது அதனால்தான். பதிலுக்கு, அது வாங்கும் மின்சக்தியில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். பட்டனைப் பிடிக்கும் இரண்டு மூன்று வினாடிக்கு அது பெரிய விஷயமில்லை. விடாமல் ஓட்டினால் வெந்துவிடும்.

ஆனால் இரண்டில் ஒன்று மட்டும் ஏன் வெடித்தது? தப்பித்ததைக் கடையில் அளந்தேன், 97 காட்டியது. வெடித்தது என்ன காட்டியது என்று கேட்டேன். மாட்டும் முன் அளந்ததில் 62 என்றார். "ரெண்டும் சேர்ந்து 38 தான் வந்துச்சுண்ணா, மீட்டர் தப்புன்னு நினைச்சேன்." மீட்டர் சரிதான். 97 ஐ 62 ஆல் பெருக்கி 159 ஆல் வகுத்தால் 37.8.

இனி வோல்ட் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். தீவு விதிப்படி இரண்டிலும் மின்னூட்டம் ஒன்றே. இடம் குறைவாக உள்ளதில் அதே மின்னூட்டத்தை அடைக்க அதிக வோல்ட் வேண்டும். 300 வோல்ட்டில் 97 க்கு 117 வோல்ட்தான் கிடைக்கிறது, 62 க்கு 183. பெரியதற்குக் குறைவு, சிறியதற்கு அதிகம். மின்தடையில் பெரிய ஓமுக்குத்தான் பெரிய வோல்ட் என்று பழகியவர்களுக்கு இது இடறும். ஆனால் 62 மைக்ரோஃபாரட்டின் ஓம்தான் பெரியது என்பதை நினைத்தால் இடறாது.

இரண்டு வோல்ட்டும் 275 க்குக் கீழேதான், ஆக வோல்ட் தாங்காமல் வெடிக்கவில்லை. வெப்பத்தைப் பாருங்கள். 37.8 மைக்ரோஃபாரட் என்றால் 84 ஓம், ஆகவே கரண்ட் சுமார் 3.6 ஆம்பியர், இரண்டிலும் ஒன்றே. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெப்பமாகிறது என்று வைத்தால் 97 இல் 21 வாட், 62 இல் 33 வாட். காற்றுப் புகாத ஒரு டப்பாவுக்குள் ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டு மூடியது போல. இதில் இன்னொரு கொடுமை: சூடானால் எலக்ட்ரோலைட் உலர்கிறது, உலர்ந்தால் அளவு குறைகிறது, அளவு குறைந்தால் அதன் பங்கு வோல்ட் இன்னும் ஏறுகிறது. நொண்டுகிற மாட்டின் பக்கமே பாரம் சாய்ந்துகொண்டே போகும் வண்டி இது.

ரன் கண்டென்சருக்குப் பதில் ஸ்டார்ட் கண்டென்சர், எந்த இணைப்பிலும், வேண்டாம். ரன் வகையையே சீரிஸில் போட வேண்டி வந்தால் ஒரே அளவு, ஒரே வயது பீஸ்களை அளந்து எடுங்கள். ஒவ்வொன்றின் வோல்ட்டையும் கூட்டி "இவ்வளவு தாங்கும்" என்று சொல்வது அளவு சமமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். 25 உம் 50 உம் சீரிஸில் நின்றால் 300 வோல்ட்டில் 200 ஐ 25 தான் சுமக்கும்.

பழுது 4: மீட்டர் எல்லையைத் தாண்டிவிட்டது, அளக்கவே முடியவில்லை

இது மோட்டாரின் பழுது அல்ல, ஆனால் அடிக்கடி கேட்கிறார்கள். பழைய டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றில் கண்டென்சர் அளவு 20 மைக்ரோஃபாரட்டோடு நின்றுவிடும். 36 மைக்ரோஃபாரட் ரன் கண்டென்சரை வைத்தால் எல்லை தாண்டியதாக 1 என்று மட்டும் காட்டும். மேலே நமக்கு எதிரியாக இருந்த சீரிஸ் இங்கே உதவுகிறது. சீரிஸில் மொத்தம் எப்போதும் இருப்பதில் சிறியதைவிடவும் குறைவாகத்தான் வரும்.

20 மைக்ரோஃபாரட் பீஸ் ஒன்றை முதலில் தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 19.6 என்று வந்தது என்போம். அதைச் சந்தேகப்படும் கண்டென்சரோடு சீரிஸில் கட்டி அளந்து பாருங்கள். இரண்டையும் முன்பே டிஸ்சார்ஜ் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் போய்விடும்.

```
Cx = (C1 × Cs) / (C1 − Cs)
```

C1 தெரிந்தது, Cs சேர்த்து அளந்தது. நல்ல 36 என்றால் மீட்டர் 12.7 காட்டும். 11.6 காட்டினால் 19.6 ஐ 11.6 ஆல் பெருக்கி, வித்தியாசமான 8 ஆல் வகுங்கள்: 28.4. அந்தக் கண்டென்சரை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஸ்டார்ட் கண்டென்சருக்கு இந்த வித்தை பலிக்காது. 120 ஐச் சேர்த்தால் மீட்டர் 16.85 காட்டும், 150 ஐச் சேர்த்தால் 17.33. முப்பது மைக்ரோஃபாரட் வித்தியாசம் திரையில் அரை எண்கூட இல்லை. மொத்தத்தைத் தீர்மானிப்பது சிறியது, பெரியதன் குரல் அதில் கேட்காது. அதற்கு 200 வரை அளக்கும் மீட்டர் வேண்டும். அது இல்லாத கடைகளில் ஃபியூஸ் வழியாக 230 வோல்ட்டை இரண்டு வினாடி கொடுத்துக் கிளாம்ப் மீட்டரில் பார்ப்போம். 120 நல்ல பீஸ் என்றால் 8.7 ஆம்பியர் அருகே வரும், 6 க்கு இறங்கியிருந்தால் அளவு 83 தான் மிச்சம். ஆனால் அதை வீட்டில் செய்ய வேண்டாம். கண்டென்சரைக் கழற்றி, டிஸ்சார்ஜ் செய்து, பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.